‘உனக்காக ரொம்பப் போராடினேன்மா!’

ஜூலை பிறந்துவிட்டால் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் வீரவசனம் ஒலிக்கத் தொடங்கும். சின்னச் சின்ன மீட்டிங் அறைகள். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் ஒரு வருடம் உழைத்துக் கொட்டிய ஓர் ஆள். மேனேஜர் பெருமூச்சு விடுவார். லேப்டாப்பைப் பாதி மூடுவார். பிறகு சொல்வார்: “உனக்காக ரொம்பப் போராடினேன்மா. மேல ஒத்துக்கல.”

யாரோடு போராடினார், எந்த அறையில் போராடினார், என்ன சொல்லிப் போராடினார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் ‘ஆட்டிட்யூட்’ என்று அடுத்த வருடக் கணக்கில் ஏறும். அவர் டீமில் பத்துப் பேர். பத்துப் பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு இதே வசனத்தைச் சொல்லியிருக்கிறார். ஆக, பத்துப் போர், பத்துத் தோல்வி. இப்படி ஒரு தளபதி ராணுவத்தில் இருந்தால் பட்டையைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நம் கம்பெனிகளில் அவருக்கு சீனியர் மேனேஜர் பதவி.

அந்தப் போர் எப்போது தோற்றது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஜூலையில் தோற்கவில்லை, மார்ச்சிலும் தோற்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றது.

காகிதத்தில் பார்த்தால் ஏற்பாடு அழகாகத்தான் இருக்கிறது. ஏப்ரலில் ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டின் இலக்குகளை எழுத வேண்டும். ‘கோல் செட்டிங்’ என்பார்கள். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேனேஜரும் அந்த ஆளும் மட்டும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். ‘ஒன் ஆன் ஒன்’ என்பது அதுதான். அக்டோபரில் அரையாண்டு மதிப்பீடு. ஜனவரியில் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் செல்ஃப் அப்ரைசல். பிப்ரவரியில் மேனேஜர் ரேட்டிங் போடுவார். மார்ச்சில் மேனேஜர்கள் எல்லாம் ஓர் அறையில் கூடி ரேட்டிங்குகளை ஒப்பிட்டுச் சரிசெய்வார்கள். அதற்கு நார்மலைசேஷன் என்றும் கேலிப்ரேஷன் என்றும் பெயர். பிறகு கடிதம். கம்பெனிக்குக் கம்பெனி மாதம் கொஞ்சம் முன்பின் இருக்கும், வரிசை மாறாது. இந்த வரிசையை யோசித்தவர் முட்டாள் இல்லை. அவர் நினைத்தது இதுதான்: வருடம் முழுக்கப் பேசியிருந்தால் கடைசி நாளில் சொல்லப் புதிதாக எதுவும் இருக்காது.

ஆனால் நம்மவர்கள் இந்த வரிசையில் எதை விட்டார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள். படிவங்கள் அத்தனையும் நேரத்துக்கு நடக்கின்றன. கெடு தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து சிவப்பு எழுத்தில் நினைவூட்டல் வருகிறது. ‘உங்கள் டீமில் இரண்டு பேர் இன்னும் சப்மிட் செய்யவில்லை’ என்று மேனேஜரின் மேனேஜருக்கு நகல் போகிறது. நடக்காத ஒரே விஷயம் பேச்சு. அது நடக்கவில்லை என்று எந்த நினைவூட்டலும் யாருக்கும் போவதில்லை.

ஓர் ஆளை எடுத்துக்கொண்டு வருடம் முழுக்கப் பின்தொடர்வோம். கற்பனை ஆள்தான். ஆனால் இந்தச் சாலையில் மதியம் சாப்பாட்டு நேரத்தில் நின்று கைதட்டினால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஐந்து வருட அனுபவம் உள்ள டெஸ்டிங் லீட். ஒரு வங்கி வாடிக்கையாளரின் மென்பொருளைச் சோதிப்பது வேலை. ஒவ்வொரு புது வெளியீட்டுக்கும் முன்பு நானூறு சோதனைகளைக் கையால் ஓட்ட வேண்டும். அதில் இருநூற்றைம்பதைத் தானியங்கியாக்க வேண்டும் என்பது அவள் இலக்கு. நல்ல இலக்கு. எண்ணிப் பார்க்கலாம், கெடுவும் உண்டு, டிசம்பர். ஏப்ரலில் அவள் எழுதிய ஐந்து இலக்குகளில் உருப்படியானது இது ஒன்றுதான். மற்ற நான்கும் மேலிருந்து ஒழுகி வந்தவை. ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சியைப் பத்து சதவீதம் உயர்த்துதல்’ என்று ஒன்று. வைஸ் பிரசிடெண்ட் தலையில் விழுந்த இலக்கு அது. அவர் டைரக்டர் தலையில் ஒட்டினார், டைரக்டர் மேனேஜர் தலையில் ஒட்டினார், மேனேஜர் இவள் தலையில் ஒட்டினார். இவள் வாடிக்கையாளரைப் பார்த்ததே இல்லை. அவர் எந்த மீட்டரில் மகிழ்ச்சியை அளக்கிறார் என்பதும் தெரியாது. மேனேஜர் கெடு நாளன்று ‘அப்ரூவ் ஆல்’ பொத்தானை அமுக்கினார். பத்துப் பேரின் ஓராண்டு விதி அரை நொடியில் எழுதி முடிந்தது.

மே மாதம் வேலை ஒழுங்காகப் போனது. ஜூனில் பக்கத்து ப்ராஜெக்டில் இரண்டு பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள். ராத்திரி ஷிஃப்டில் ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் பார்க்க ஆள் இல்லை. “ரெண்டு வாரம்தான்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று இவளை அங்கே தள்ளினார்கள். அந்த இரண்டு வாரம் நவம்பரில் முடிந்தது. தானியங்கி வேலை தொண்ணூறில் நின்றது.

இந்த இடத்தில்தான் அந்த அரை மணி நேரம் வேண்டும். அவள் சொல்ல வேண்டியது ஒரே வரி: ‘என்னை இங்கே போட்டுவிட்டீர்கள், அந்த இலக்கு இனி நடக்காது, மாற்றி எழுதுங்கள்.’ மேனேஜர் செய்ய வேண்டியது ஒரே வேலை: சிஸ்டத்தைத் திறந்து 250 என்பதை 100 என்று திருத்தி, ‘ஜூன் முதல் ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்’ என்று புதிய இலக்கு ஒன்றைச் சேர்ப்பது. இரண்டு நிமிடம் பிடிக்கும். வருட மதிப்பீட்டின் முழு நியாயமும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

ஒன் ஆன் ஒன் அவள் காலண்டரில் இருந்தது. இல்லாமல் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய், மாலை நான்கு மணி. ஒரு செவ்வாய் ‘க்ளையண்ட் கால், நெக்ஸ்ட் வீக் பார்க்கலாம்’ என்று செய்தி வந்தது. இன்னொரு செவ்வாய் அதுவும் வரவில்லை. அவள் அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், வேறு ஒரு டீம் வந்து கதவைத் தட்டி ‘நாங்க புக் பண்ணியிருக்கோம்’ என்றது. நடந்த சில செவ்வாய்களில் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை டிஃபெக்ட் ஓபன்ல இருக்கு?” இரண்டாவது கேள்வி, “எப்ப க்ளோஸ் ஆகும்?” மூன்றாவது கேள்விக்குள் அவர் ஃபோன் அடித்தது. காலையில் பத்துப் பேர் முன்னிலையில் கேட்ட அதே கேள்விகளை மாலையில் தனியாகக் கேட்டால் அது ஒன் ஆன் ஒன் ஆகிவிடும் என்பது இவர்கள் கண்டுபிடிப்பு.

இன்டெல் கம்பெனியை நடத்திய ஆண்டி க்ரோவ் 1983இல் மேனேஜர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். ஒன் ஆன் ஒன் பற்றி அவர் சொன்னது எளிது. அந்தச் சந்திப்பு மேலே இருப்பவருடையது அல்ல, கீழே இருப்பவருடையது. எதைப் பேசுவது என்று எழுதிக்கொண்டு வர வேண்டியவர் அவர்தான். குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டும், ஏனென்றால் நேரம் குறைந்தால் மனிதர்கள் சுலபமானதை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடுவார்கள். வேலைக்குப் புதியவரை வாரம் ஒருமுறை பாருங்கள், கைதேர்ந்தவரைச் சில வாரங்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றார். அவர் ஒன்றும் கருணை மூர்த்தி அல்ல. சில்லுத் தொழிற்சாலை நடத்திய கறாரான ஆள். மேனேஜரின் ஒன்றரை மணி நேரம் கீழே இருப்பவரின் இரண்டு வார வேலையைத் திருத்துமானால் அது லாபக் கணக்கு என்று பார்த்தவர்.

“டைம் எங்கங்க இருக்கு?” என்கிறார்கள் நம் தளபதிகள். கணக்குப் போடுவோம். பத்துப் பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, க்ரோவ் சொன்னபடி ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. நாற்பது மணி நேர வாரத்தில் எட்டில் ஒரு பங்கு. தன் கீழ் இருக்கும் மனிதர்களை நிர்வகிப்பதுதான் வேலை என்று சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, அந்த மனிதர்களோடு பேச எட்டில் ஒரு பங்கு நேரம் இல்லை என்றால், மீதி ஏழு பங்கில் என்ன செய்கிறார்? மேலே அனுப்பும் ஸ்லைடில் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்களுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் வந்தது. அரையாண்டு மதிப்பீட்டின் படிவத்தில் மேனேஜர் எழுதிய வரி: ‘ஆன் ட்ராக். கீப் அப் த குட் ஒர்க்.’ பத்துப் பேருக்கும் இதே வரி. தானியங்கிச் சோதனை தொண்ணூறில் நின்று நான்கு மாதம் ஆகிறது. அவள் ஏதோ பதறிப்போய், “ஆட்டோமேஷன் கோல்…” என்று இழுத்தாள். “அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்மா” என்றார். ‘நான் பார்த்துக்கறேன்’ என்று ஒரு மேனேஜர் வாயால் சொன்னால் அதை அன்றே மின்னஞ்சலில் வாங்கிவிட வேண்டும் என்று இந்தச் சாலையில் யாரும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஜனவரியில் செல்ஃப் அப்ரைசல். ஒரு கட்டத்துக்குள் இத்தனை எழுத்துதான் என்று வரம்பு. ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை செய்ததை எழுத வேண்டும். குறிப்பு எதுவும் இல்லாத மனிதருக்கு நினைவில் இருப்பது கடைசி இரண்டு மாதம்தான். மேனேஜருக்கும் அப்படித்தான். ஆகஸ்டில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வங்கியின் பணப்பரிமாற்றம் நின்றபோது விழித்திருந்து பிழையைக் கண்டுபிடித்தவள் இவள். அது யாருக்கும் நினைவில் இல்லை, அவளுக்கே பாதிதான் நினைவில் இருந்தது. டிசம்பர் கடைசியில் ஒருவன் ஒரு அழகான டாஷ்போர்டு செய்து டைரக்டருக்குக் காட்டினான். அது எல்லாருக்கும் நினைவில் இருந்தது. அதன் பெயர் ‘விசிபிலிட்டி’. ராத்திரி ஷிஃப்டில் விசிபிலிட்டி கிடையாது, இருட்டாக இருக்கும்.

இனி மார்ச். அந்த அறை.

ஆறு மேனேஜர்கள், அறுபது பேரின் பட்டியல், மூன்று மணி நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். அறைக்குள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு மேனேஜருக்கும் ஒரு செய்தி வந்துவிட்டது: கடைசிப் படிக்கு உங்கள் டீமிலிருந்து ஒரு பெயர் கொண்டுவாருங்கள். பத்தில் ஒன்று. இதுதான் பெல் கர்வ். கொஞ்சம் பேர் மேலே, நிறையப் பேர் நடுவே, பத்து சதவீதம் அடியில். வளைவு முதலில் வரையப்பட்டுவிட்டது. மனிதர்களைப் பிறகு அதற்குள் அடைக்கிறார்கள்.

இந்த வளைவின் மோசடியைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே காட்டிவிடலாம். கம்பெனி சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். மொத்த ஊழியர்களில் பத்தில் ஒருவர் நிஜமாகவே மோசமாக வேலை செய்கிறார். ஆட்கள் டீம்களுக்குள் கலந்து கட்டிப் போகிறார்கள். அப்படியானால் பத்துப் பேர் கொண்ட ஒரு டீமில் ஒருவர்கூட மோசமில்லாமல் இருப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு? 0.9 என்பதைப் பத்து முறை பெருக்குங்கள். 0.35 வரும். அதாவது நூறு டீம்களில் சுமார் முப்பத்தைந்து டீம்களில் மோசமான ஆளே கிடையாது. சுமார் முப்பத்தொன்பது டீம்களில் சரியாக ஒருவர் இருப்பார். மீதி இருபத்தாறு டீம்களில் இரண்டோ அதற்கு மேலோ இருப்பார்கள். இப்போது எல்லா டீமிலிருந்தும் ‘ஒரு பெயர்’ கேளுங்கள். முப்பத்தைந்து டீம்களில் ஒரு குற்றமும் செய்யாத ஆள் பலியாகிறார். இருபத்தாறு டீம்களில் வேலை செய்யாத ஒருவராவது பக்கத்து நாற்காலிக்காரரைப் பலி கொடுத்துவிட்டுத் தப்பிக்கிறார். விதி சொன்ன அனுமானப்படியே நடந்தும் விதி பாதிக்கு மேல் தவறு செய்கிறது.

‘டீம் அளவில் பார்க்கக் கூடாது, ஆயிரக்கணக்கான பேரை மொத்தமாக வைத்துப் பார்த்தால் சரியாக வரும்’ என்று ஹெச்.ஆர். விளக்கம் சொல்லும். கணக்குப்படி அது உண்மைதான். ஆனால் அந்த ஆயிரம் பேரின் வேலையையும் தெரிந்த ஒருவர் அந்த அறையில் வேண்டுமே. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பத்துப் பேரைத்தான் தெரியும். அந்தப் பத்துப் பேரோடும் வருடம் முழுக்கப் பேசவில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

ஆகவே அறையில் நடப்பது ஒப்பீடு அல்ல, பேரம். கடைசிப் படிக்கு முதலில் தேடப்படுபவர் பேப்பர் போட்டுவிட்டு நோட்டீஸ் காலத்தில் இருப்பவர். ‘அவன்தான் போறானே’ என்று ஒரு எண்ணிக்கை தேறும். அப்புறம் பேறுகால விடுப்பில் ஆறு மாதம் இல்லாதவள். சட்டம் கொடுத்த விடுப்பு. அறையில் அதைச் சொல்லிக் குறைக்க மாட்டார்கள், ‘கான்ட்ரிபியூஷன் கம்மி’ என்று வேறு வார்த்தையில் குறைப்பார்கள். அப்புறம் போன வருடம் நல்ல ரேட்டிங் வாங்கியவர்கள்: ‘லாஸ்ட் இயர் அவளுக்கு குட் ரேட்டிங் கொடுத்துட்டோம், இந்த வருஷம் பேலன்ஸ் ஆயிடும்.’ மேல் படியில் இருக்கும் இடங்கள் ப்ரமோஷன் வாக்குக் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஏற்கெனவே ரிசர்வ் ஆகிவிட்டன.

நம் டெஸ்டிங் லீடின் பெயர் வந்தது. திரையில் இருந்தது: இலக்கு 250, முடித்தது 90. யாரோ ஒருவர் “முப்பத்தாறு பர்சென்ட்தானா?” என்றார். அவள் மேனேஜர் வாயைத் திறக்க வேண்டிய மூன்று நிமிடம் அது. ஜூனில் அவளை மாற்றியதைச் சொல்லலாம். ஆனால் மாற்றியதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை, இலக்கு திருத்தப்படவில்லை, அரையாண்டில் ‘ஆன் ட்ராக்’ என்று அவரே எழுதியிருக்கிறார். இப்போது பேசினால் ‘நீங்கள் ஏன் அப்டேட் செய்யவில்லை?’ என்ற கேள்வி அவர்மேல் திரும்பும். அவருடைய ரேட்டிங்கும் அடுத்த அறையில் யாரோ பேசிக்கொண்டிருக்கும் விஷயம். வாயை மூடிக்கொண்டார். இதுதான் ஜூலையில் ‘ரொம்பப் போராடினேன்’ என்று வெளிவந்த போர்.

இந்த வளைவை உலகமெங்கும் புகழ்பெறச் செய்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஜாக் வெல்ச். இருபது சதவீதம் மேலே, எழுபது நடுவே, பத்து வெளியே என்பது அவர் சூத்திரம். மைக்ரோசாஃப்ட் இதே வகை ரேட்டிங்கை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, நல்ல ஆட்கள் பக்கத்தில் நல்ல ஆட்களே வேலை செய்ய மறுப்பதைப் பார்த்து, 2013 நவம்பரில் தூக்கிப் போட்டது. மறுக்காமல் என்ன செய்வார்கள்? பத்தில் ஒருவர் விழ வேண்டும் என்றால் எனக்குப் பக்கத்தில் சோம்பேறி இருப்பதுதான் எனக்குப் பாதுகாப்பு. அதன் பிறகு இங்கேயும் ‘பெல் கர்வ் ஒழிந்தது’ என்று பத்திரிகைச் செய்திகள் வந்தன. ஒழிந்தது பெயர்தான். சம்பள உயர்வுக்கு ஒதுக்கும் தொகை வருடத் தொடக்கத்திலேயே மேலே முடிவாகிவிடுகிறது. சராசரி எட்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்குப் பதினான்கு கொடுக்க இன்னொருவருக்கு இரண்டுதான் கொடுக்க முடியும். இதில் என்னை எரிய வைப்பது பணம் குறைவாக இருப்பது அல்ல. வியாபாரம் சரியில்லை, பணம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் நம் ஆட்கள் புரிந்துகொள்வார்கள். மளிகைக் கடைச் சிப்பந்தியிடம்கூட முதலாளி தீபாவளிக்கு அப்படித்தான் சொல்கிறார். இவர்கள் அதைச் சொல்லாமல், பட்ஜெட்டில் விழுந்த துண்டை எடுத்து அவள் குணத்தில் இருக்கும் குறையாக மாற்றிக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ‘ப்ரோஆக்டிவ்வாக இல்லை.’ ‘ஓனர்ஷிப் போதாது.’ ராத்திரி இரண்டு மணிக்கு வங்கியைத் தூக்கி நிறுத்தியவளுக்கு ஓனர்ஷிப் போதாதாம்!

நாம் கேலி செய்யும் அரசாங்க அலுவலகத்தின் கதையையும் கேளுங்கள். மத்திய அரசில் ரகசியக் குறிப்பேடு என்று ஒன்று இருந்தது. மேலதிகாரி எழுதுவார், பாதகமாக எழுதினால் மட்டும் காட்டுவார்கள். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் தேவ் தத் என்று ஒரு பொறியாளர். 1993–94ஆம் ஆண்டுக்கு அவருக்கு ‘நன்று’ என்று எழுதினார்கள். நன்று என்பது திட்டு இல்லையே, எனவே காட்டவில்லை. ஆனால் பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டும் ‘மிக நன்று’ வேண்டும். காட்டாத அந்த ஒரு வார்த்தையால் பதவி உயர்வு போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 மே மாதம் தீர்ப்பு: எந்தக் குறிப்பானாலும், அது எவ்வளவு நல்லதானாலும், உரிய காலத்தில் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து எழுத அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வே பெற்றுவிட்டார். அடுத்த ஆண்டு மத்திய அரசு ஆணை போட்டது. இப்போது முழு அறிக்கையையும் ஊழியரிடம் கொடுத்து, மறுப்புச் சொல்லப் பதினைந்து நாள் தர வேண்டும்.

அந்தத் தீர்ப்பு அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவைப் பிடித்து நின்றது. அது அரசைக் கட்டும், கண்ணாடிக் கட்டடத்தைக் கட்டாது. இங்கே கடிதத்தின் கீழே ஒரு பொத்தான்தான் இருக்கிறது: ‘அக்னாலெட்ஜ்’. உடன்படவில்லை என்று எழுத ஒரு கட்டம் இருந்தால், எழுதியது ஹெச்.ஆர். டிக்கெட்டாகிச் சில நாளில் ‘ரிசால்வ்டு’ என்று மூடப்படும். தூசி படிந்த கோப்பும், ஓடாத மின்விசிறியும், மதியத் தூக்கமும் உள்ள அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவுக்கு இருக்கும் உரிமை, பீன் பேக் போட்டு, காபி இலவசமாக ஊற்றி, ‘எங்கள் சொத்தே எங்கள் மனிதர்கள்தான்’ என்று சுவரில் எழுதிய இடத்தில் கிடையாது.

இத்தனைக்கும் ஒழுங்காகச் செய்வது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை. ஏப்ரலில் மூன்று இலக்கு போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘இது முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வோம்’ என்று ஒரு வரி. தன்னால் அசைக்க முடியாத எந்த எண்ணும் ஒருவர் இலக்கில் இருக்கக் கூடாது. ஒன் ஆன் ஒன்னில் டிஃபெக்ட் எண்ணிக்கை பேசக் கூடாது. அதற்குக் காலை மீட்டிங் இருக்கிறது. ரத்து செய்தால் அதே வாரத்தில் மறு தேதி. ரத்து செய்பவர் மேனேஜர்தானே தவிர ஊழியர் அல்ல என்பதால், எத்தனை முறை ரத்தானது என்ற எண்ணிக்கை மேனேஜரின் அப்ரைசலில் வர வேண்டும். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் மூன்று வரிக் குறிப்பு, இருவருக்கும் தெரியும் ஒரே கோப்பில். வருடத்தில் இருபது சந்திப்பு நடந்தால் அறுபது வரி. ஜனவரியில் செல்ஃப் அப்ரைசல் தானாக எழுதப்பட்டிருக்கும், ஆகஸ்டின் ராத்திரி இரண்டு மணி அதில் இருக்கும். ஆளின் வேலை மாறினால் அந்த வாரமே இலக்கு மாற வேண்டும். மார்ச் அறைக்கு மேனேஜர் அந்தக் கோப்போடு போக வேண்டும், நினைவாற்றலோடு அல்ல. கோப்பு இருந்தால்தான் போராட்டம், இல்லாவிட்டால் அது முணுமுணுப்பு. ரேட்டிங்கைச் சொல்லும் நாளும் சம்பளத்தைச் சொல்லும் நாளும் வேறு வேறாக இருக்க வேண்டும். எண்ணைக் கேட்ட பிறகு யார் காதிலும் வேறு எதுவும் ஏறாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பட்ஜெட் சிறிதாக இருந்தால், எவ்வளவு பேசினாலும் ஹைக் சிறிதுதான். ஒன் ஆன் ஒன் பணத்தை உண்டாக்காது. பொய்யை மட்டும் ஒழிக்கும்.

உங்கள் கம்பெனியில் நடப்பது நிஜமா நாடகமா என்று தெரிந்துகொள்ள ஆலோசகர் யாரும் தேவையில்லை. சிஸ்டத்தில் உங்கள் இலக்குகள் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பாருங்கள். உங்கள் வேலை நடுவில் மாறியும் அது ஏப்ரல் கடைசி வாரமாக இருந்தால், அதன் பிறகு யாரும் உங்களைப் பற்றி யோசிக்கவில்லை. உங்கள் அரையாண்டுக் கருத்தைப் பக்கத்து நாற்காலிக்காரரின் கருத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வாக்கியமாக இருந்தால் இரண்டையும் யாரும் எழுதவில்லை. போன ஆறு மாதத்தில் காலண்டரில் இருந்த ஒன் ஆன் ஒன்களில் எத்தனை நடந்தன என்று எண்ணுங்கள். பாதிக்கும் கீழே என்றால், உங்கள் ரேட்டிங் அந்த அறையில் யாராவது உங்கள் பெயரைச் சரியாக உச்சரிப்பதைப் பொறுத்தது.

மேனேஜர்களே, உங்களிடம் மன்றாட எதுவும் இல்லை. உங்களுக்கும் இதே வளைவு, இதே கடிதம், இதே வசனம் மேலிருந்து வருகிறது என்பது தெரியும். அதனால்தான் கோபம் கூடுகிறது. வலி என்னவென்று தெரிந்தே கை மாற்றி விடுகிறீர்கள்.

மற்றவர்களுக்கு: ஜூலை வரை காத்திருக்காதீர்கள். அக்டோபர் முதல் வாரத்தில் கேளுங்கள்: “இன்னிக்கே வருஷம் முடிஞ்சா என் ரேட்டிங் என்ன, ஏன்?” மழுப்பினால் மறுபடி கேளுங்கள். என்ன பதில் வந்தாலும், ‘இன்று நாம் பேசியது’ என்று தலைப்பிட்டு, அன்று மாலையே அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், உங்களுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறினாலும் அப்படியே: ‘ஜூன் 10 முதல் நான் சப்போர்ட்டில் இருக்கிறேன், ஆட்டோமேஷன் இலக்கைத் திருத்தித் தரவும்.’ இரண்டு வரி போதும். மார்ச் மாதம் அந்த அறையில் உங்களுக்காகப் பேச வேறு யாரும் வரப்போவதில்லை.